பரோட்டா கல்லில் பால் காளான்

வீராசாமியின் போன் வந்தபோது அம்சா காளான் கொட்டகைக்குள் குனிந்திருந்தாள். கை ஈரமாக இருந்ததால் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் போகும் தெருவில் சைவ மெஸ் நடத்துகிறவர் வீராசாமி. ஒன்றரை வருடமாக அவளிடம் பால் காளான் வாங்குகிறார். வழக்கமாக அவர் பேச்சு மழையில் தொடங்கி, முட்டிவலிக்குப் போய், கடைசியில்தான் காளானுக்கு வரும். அன்று நேராக வந்துவிட்டது.

“அம்சா, தண்ணி காட்டி எடை ஏத்திகினு வரியாமா நீ?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் விளக்கினார். சட்டியில் போட்ட காளான் குளமாகத் தண்ணீர் விடுகிறதாம். வற்றவிட்டு எடுத்தால் ரப்பராக இழுக்கிறதாம். முந்தின நாள் மஞ்சள் வேட்டியோடு மலையிறங்கி வந்த ஒருவர் ஒரு துண்டை வாயிலிருந்து எடுத்து இலையோரம் வைத்து, எந்த சைக்கிள் கடையில் டியூப் வாங்குகிறீர்கள் என்று கேட்டாராம். பக்கத்து மேசையில் எல்லோரும் சிரித்தார்களாம். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஐந்து நாள். விரதம் முடித்து இறங்குகிறவர்கள் கறி தொடமாட்டார்கள், ஆனால் கறி மாதிரி ஒன்றைக் கேட்பார்கள். அதற்குத்தான் மெஸ்ஸில் காளான் சுக்கா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பதாகவும், சரிவராவிட்டால் சனிக்கிழமையிலிருந்து சென்னை ரயிலில் வரும் டப்பா காளானுக்கு மாறிவிடுவதாகவும் சொல்லி வைத்துவிட்டார். அன்று புதன்கிழமை.

அம்சா போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பாதியில் விட்ட காளான் படுக்கையின் முன் அப்படியே உட்கார்ந்தாள்.

கனகம்மாசத்திரத்திலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி அவர்கள் நிலம். வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் தரையைப் பள்ளமாகத் தோண்டி நீலப் பாலித்தீன் கூரை போட்ட கொட்டகையை அவள் நான்கு வருடத்துக்கு முன் எழுப்பினாள். மூன்று நாள் பயிற்சிக்குப் போய், ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தாள். மழை பெய்தால் புற்றோரம் சும்மா முளைப்பதை யாராவது பாடுபட்டு வளர்ப்பார்களா என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். முதல் முறை, காளான் விதை போட்டுப் பைகளில் அடைக்கும் வைக்கோல் சரியாக வேகாமல் பை பையாகப் பச்சைப் பூசணம் பிடித்தது. எண்பது பைகளையும் தானே தூக்கிப்போய்க் குழியில் போட்டு மூடினாள். பிறகு மறுபடி வைக்கோலை வேகவைத்தாள். இரண்டாவது முறை, பைகளின் மேல் பரப்பிய மேல்மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளை மொட்டுகள் வந்தன. சுட்டுவிரல் பருமனில் தொடங்கி, தடித்த காலும் சிறு குடையுமாக உயர்ந்தன. அதற்குப் பிறகு ஊரில் அவளை யாரும் வெறும் அம்சா என்று சொல்லவில்லை. காளான் அம்சா என்றால்தான் தெரியும்.

அந்தப் பேர் இப்போது ஒரு போனில் ஆடிப்போயிற்று. வீராசாமியைப் பார்த்து இன்னும் மூன்று கடைக்காரர்கள் அவளிடம் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் விட்டால் ஏன் விட்டார் என்று கேட்பார்கள். தண்ணீர் விற்றவள் என்ற பதில் பஸ் ஏறி அவளுக்கு முன்னால் போய்ச் சேரும்.

வெளியிலிருந்து வரும் பழி முதலில் வீட்டுக்குள்தான் ஆளைத் தேடும். அம்சாவுக்கும் கணவன் பூபாலன் மேல் கண் போனது. காளான் படுக்கைக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கத்தான் வேண்டும். ஆனால் பறித்த பிறகு தெளிக்க வேண்டும், தெளித்துவிட்டுப் பறிக்கக் கூடாது. அது அவள் வைத்திருந்த சட்டம். ஒரு மாதமாகக் காலையில் அவள் வேறு கடைகளுக்குக் கட்டு கட்டிக்கொண்டிருக்க, தெளிப்பான் பூபாலன் கையில் இருந்தது.

அவன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். கேட்டாள்.

“ரெண்டு நாளு பறிக்கறதுக்கு முன்னாடியே அடிச்சிருப்பேன்” என்றான். “மறந்துட்டேன். அதுக்குன்னு நான் தண்ணி விக்கறவன்னு சொல்றியா?”

“நான் சொல்லல. அவுரு சொல்றாரு.”

“அவுரு உன்னைச் சொன்னாரு. நீ என்னைச் சொல்ற.”

பூபாலன் கோபக்காரன் அல்ல. கோபம் வந்தால் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறவன். அன்று வைத்த மோர் சொம்பிலேயே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அம்சா ஒன்று செய்தாள். நான்கு படுக்கைக்கு நன்றாகத் தண்ணீர் தெளித்துவிட்டு அதிலிருந்து பறித்தாள். நான்கு படுக்கையில் தெளிக்காமல் பறித்தாள். இரண்டையும் தனித்தனி முறத்தில் வைத்து, வீட்டு தோசைக்கல்லைக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கை அள்ளி நறுக்கிப் போட்டாள். பூபாலன் வாசலில் நின்று, பார்க்காதவனைப் போலப் பார்த்தான்.

தெளித்தது சற்று அதிகமாகச் சீறியது, சற்று அதிக நேரம் எடுத்தது. மற்றபடி இரண்டும் ஒன்றுபோலவே சிவந்தன. இரண்டிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து மென்றாள். பல்லுக்கு அடங்கியது, இழுக்கவில்லை.

“உங்க தண்ணி இல்ல” என்றாள்.

“அப்ப யாரு தண்ணி?” என்றான் பூபாலன்.

நியாயமான கேள்வி. நான்கு வருடம் காளான் வளர்த்தவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. வீட்டில் இரண்டு பேருக்குச் சமைத்தவள் அவள். ஒரு கைப்பிடிக்கு மேல் காளானை அடுப்பில் ஏற்றியதே இல்லை. விளைவது வரைக்கும் தன் வேலை, வேகுவது வேறு யார் வேலையோ என்று இருந்துவிட்டாள்.

மதியச் சாப்பாடு ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து அவள் திருத்தணிக்குப் பஸ் ஏறினாள். கையில் காளான் கூடை இல்லை. வேண்டுமென்றேதான் வெறுங்கையோடு போனாள். நல்லதாகப் பொறுக்கி எடுத்துவந்து காட்டினாள் என்ற பேச்சு வரக் கூடாது.

மெஸ்ஸில் கடைசிப் பந்தி எழுந்துகொண்டிருந்தது. கல்லாவில் இருந்த வீராசாமி அவளைக் கண்டதும், தானே கூப்பிட்டுத் திட்டியவளை எப்படி வரவேற்பது என்று தெரியாமல், வெயில் அதிகம் என்றார். அவள் நின்றபடியே சொன்னாள்.

“அண்ணா, உங்க அடுப்பாண்ட ஒரு வாட்டி நின்னு பாத்துட்டுப் போறேன். என் தப்புன்னா நானே நாளைலேருந்து வரமாட்டேன்.”

அவர் உள்ளே கை காட்டினார்.

சமையல் மாஸ்டர் கோதண்டபாணி ஐம்பது வயதுக்காரர். சென்னையில் பெரிய அசைவ ஓட்டலில் இருபது வருடம் சட்டி பிடித்தவர். கோழி வறுவலில் தன் பேர் பேசிய காலம் உண்டு என்று அவரே சொல்வார். மனைவியின் ஊர் திருத்தணி என்பதால் வந்து, சைவ மெஸ்ஸில் மாட்டிக்கொண்டார். காளான் சுக்கா அவருக்குப் பழைய கௌரவத்தின் மிச்சம். அது சொதப்பியதில் வீராசாமியைவிட அவருக்குத்தான் அதிக அவமானம். அதனால்தான் பழி அத்தனை வேகமாகக் கனகம்மாசத்திரம் வரைக்கும் போயிருந்தது.

“வா தங்கச்சி” என்றார். “உன் கொளத்தப் பாக்க வந்தியா?”

“ஆங். மீனு எதுனா கெடக்குதான்னு பாக்கலாம்னு.”

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. ராத்திரிக்கான காளான் ஒரு பெரிய தேக்சாவில் இருந்தது. அம்சா எட்டிப் பார்த்தாள். மஞ்சள் தண்ணீரில் நறுக்கிய காளான் மிதந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக ஊறுகிறது என்று கேட்டாள். பதினொரு மணிக்குப் போட்டது என்றார். உப்பும் போட்டிருந்தார்.

இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. இரண்டையும் மாஸ்டர் சொன்ன பிறகு அம்சாவால் அவரைக் கோபிக்க முடியவில்லை. முதலாவது, அவர் பிறந்த வீட்டு வழக்கம். ஆடியில் இடி இடித்தால் புற்றோரம் காளான் பூக்கும். பிடுங்கி வந்ததை அவருடைய அம்மா உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் போட்டு வைப்பார். தண்ணீர் கறுத்தால் விஷம் என்று கொட்டிவிடுவார். அந்தச் சோதனையில் உண்மை கிடையாது. விஷக் காளான் மஞ்சள் தண்ணீரைப் பார்த்து நிறம் மாறுவதில்லை. ஆனால் ஆள் செத்துப்போகாமல் இருந்த ஒவ்வொரு மழைக்காலமும் அந்த வழக்கத்துக்குச் சாட்சி சொல்லியிருந்தது. இரண்டாவது காரணம் கோழி. கோழியை உப்பு மஞ்சளில் பிசறி ஊறவைத்து, சட்டியில் மொத்தமாகக் கொட்டி, மூடி போட்டு வேகவைத்து, அது விடும் தண்ணீரிலேயே வெந்து வற்றவேண்டும். இருபது வருடக் கை அதைத்தான் அறியும். காளானைக் கறி மாதிரி செய்யச் சொன்னார்கள், அவர் கறி மாதிரியே செய்தார்.

போதாததற்கு அம்சா அனுப்பும் காளானின் அடிக்காலில் மேல்மண் ஒட்டிக்கொண்டு வரும். காலை வெட்டாமல் அனுப்பினால் வாடாமல் நிற்கும் என்று அவள் அப்படியே கட்டிவிடுவாள். மண்ணைக் கண்டவர் ஊறவைக்காமல் என்ன செய்வார்?

மாஸ்டர் தேக்சாவை வடித்துக் காளானை அகன்ற சட்டியில் கொட்டினார். வழக்கமாக ஒரு கிலோதான் போடுவாராம். ஆடிக் கூட்டத்துக்காக இந்த வாரம் ஐந்து கிலோவுக்குக் குறையாது, சட்டி விளிம்பு வரை மலையாக நின்றது. அடுப்பு முழு வேகத்தில் எரிந்தது. மேலே இன்னொரு கை உப்பு போட்டு மூடினார். சிறிது நேரம் கழித்துத் திறந்து, அம்சாவைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். காளான் பாதியாகச் சுருங்கி, சாம்பல் நிறத் தண்ணீரில் கொதித்துக்கொண்டிருந்தது.

“இத நான் ஊத்தினனா?” என்று கேட்டார்.

இல்லைதான். பாதி ஊறும்போது ஏறியது, மீதி காளானுக்குள்ளேயே இருந்தது. அம்சாவின் கண் சட்டியின் ஆழத்தில் நின்றது. வீட்டு தோசைக்கல்லில் ஒரு கைப்பிடி. ஒவ்வொரு துண்டின் கீழும் சூடான இரும்பு. விட்ட நீர் விட்ட இடத்திலேயே சீறிப் புகையாகிவிட்டது. இங்கே மலையின் அடியில் இருப்பதற்கு மட்டும்தான் இரும்பு தெரியும். மேலே இருப்பது அதன் ஆவியில் வேகிறது. ஆவி மூடியில் முட்டி மறுபடி கீழே இறங்குகிறது. உப்பு வேறு உள்ளே இருந்ததை இழுத்து வெளியே விடுகிறது. தண்ணீர் இருக்கும்வரை எதுவும் சிவக்காது.

அவள் மூன்று விஷயம் கேட்டாள். நேற்று அவள் அனுப்பியதில், ஊறவைக்காதது மிச்சம் இருக்கிறதா? இருந்தது, பிரிட்ஜில் ஒரு கூடை. அகலமான கல் ஒன்று வேண்டும். உப்பு டப்பாவைக் கொஞ்ச நேரம் தள்ளி வைக்க வேண்டும்.

கல் என்றதும் கல்லாவிலிருந்து வீராசாமி எழுந்து வந்துவிட்டார். தோசைக்கல்லைத் தர முடியாது என்றார். அதில் நியாயம் இருந்தது. விரதக்காரர்களில் காளானைக் கறிக்குச் சமமாக நினைத்துத் தொடாதவர்களும் உண்டு. அவர்களுக்குத் தோசை அந்தக் கல்லிலிருந்துதான் போகிறது. காளான் வாடை வந்தால் மெஸ்ஸுக்கு வேறு பேர் கிடைக்கும்.

அம்சாவுக்கு வெள்ளிக்கிழமைக் கெடு அடுப்பங்கரைக்குள்ளேயே வந்துவிட்டது போல இருந்தது. அப்போது பாத்திரம் துலக்கிய பெண்களில் ஒருத்தி, பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியை மூடியிருப்பது என்னவென்று பொதுவாகக் கேட்டாள். பரோட்டா போட்டவர் வேலையை விட்டுப்போன நாள் முதல் அந்தக் கல் தொட்டிக்கு மூடியாகக் கிடந்தது. ஒரு பாய் அகலம், கால் அங்குலத் தடிப்பு. நான்கு பேர் தூக்கி வந்தார்கள். தேங்காய் நாரால் துரு தேய்த்து, கழுவி, அடுப்பில் ஏற்றி எண்ணெய் தடவிப் புகைய விட்டு, துடைத்து, மறுபடி தடவி, அரை மணி நேரம் போனது. வீராசாமி இரண்டு முறை மணி பார்த்தார்.

அந்த நேரத்தில் அம்சா கூடையைப் பிரித்தாள். மண் ஒட்டிய அடிக்காலை வெட்டி எறிந்தாள். தலையில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு துகள்களை ஓடும் குழாயில் காட்டி எடுத்து, உடனே துணியில் ஒற்றினாள். அரை விரல் தடிமனுக்கு நறுக்கினாள். மெல்லியதாக நறுக்கச் சொன்ன மாஸ்டரிடம், மெலிசு சுருங்கிக் காணாமல் போகும் என்றாள். இது வீட்டில் கண்டது.

கல்லில் சொட்டிய நீர் முத்தாக உருண்டு ஓடியது. எண்ணெய் விட்டுத் துண்டுகளை ஒன்றோடொன்று தொடாமல் பரப்பினாள். மாஸ்டரின் கரண்டி தானாகக் கிளற வந்தது.

“தொடாதீங்க மாஸ்டர்.”

“அடி பிடிக்கும்மா.”

“பிடிக்கட்டும். அதுக்குத்தான்.”

இத்தனை வருடத்தில் அடுப்பங்கரையில் அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. கரண்டியோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வெண்புகை எழுந்தது. கல் முழுக்க ஈரமான சீறல். துண்டுகளின் ஓரத்தில் சிறு சிறு நீர்க்கொப்புளம் வந்து, வந்த இடத்திலேயே செத்தது. வீட்டுக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவில் தனக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று இருந்துவிட்டால், அவள் வார்த்தை கொடுத்தபடி நாளையிலிருந்து வரக் கூடாது.

பிறகு சத்தம் மாறியது. மாஸ்டர்தான் முதலில் தலையைத் தூக்கினார். ஈரச் சீறல் அடங்கி, எண்ணெயில் பொரியும் காய்ந்த படபடப்பு வந்தது. அந்தச் சத்தத்தை அறியாத சமையல்காரர் கிடையாது. கரண்டியை முன்னால் கொண்டுவந்து ஒரு துண்டைப் புரட்டினார். அடிப்பக்கம் நல்ல வேர்க்கடலைத் தோல் நிறத்தில் இருந்தது. இன்னொன்றைப் புரட்டினார். பிறகு யாரையும் கேட்காமல் வரிசையாக எல்லாவற்றையும் புரட்டத் தொடங்கினார்.

இரண்டு பக்கமும் சிவந்ததும் உப்பு டப்பாவை அம்சாவே மாஸ்டர் பக்கம் நகர்த்தி வைத்தாள். தனியாக வதக்கிய வெங்காயம், மிளகு, சீரகம், கறிவேப்பிலை. மாஸ்டர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணைச் சுவரில் வைத்து மென்றார்.

“நேத்து வந்த கூடைதான இது?” என்று கேட்டார் வீராசாமி.

“நேத்து வந்ததுதான். நான்தான எடுத்துக் குடுத்தேன்” என்றார் மாஸ்டர். இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு, “மூடி போட்டது தப்பு” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடமிருந்து எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று அம்சாவுக்குத் தோன்றியது. உண்மையில் அந்த மூன்று சொல்லுக்கே அவள் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

சட்டியில் கொதித்துக்கொண்டிருந்ததை என்ன செய்வது? வீராசாமி கொட்டச் சொன்னார். மாஸ்டர் விடவில்லை. சாறை வடித்துக் குருமாவுக்கு வைத்துக்கொண்டு, காளானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லில் பரப்பினார். அது பொறுமையைச் சோதித்தது. ஆனாலும் ஈரம் போனதும் அதுவும் சிவக்கத் தொடங்கியது. ஊறி, உப்புப் பட்டு, அரைவேக்காடாக வெந்ததுகூடச் சிவந்தது. அதைப் பார்த்தபோதுதான் அம்சா பின்கட்டுப் படியில் உட்கார்ந்தாள். ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள். முழுச் சொம்பையும் குடித்தாள்.

“சென்னைக்குச் சொல்லிட்டீங்களாண்ணா?” என்று வீராசாமியிடம் கேட்டாள்.

“வேணாம்னு சொல்லிக்கறேன். கிருத்திகைக்கு மூணு நாளும் நீதான் குடுக்கணும்.” பிறகு, வழக்கம் திரும்பியவராக, முட்டிவலிக்கு ஏதாவது எண்ணெய் தெரியுமா என்று கேட்டார்.

நாளையிலிருந்து அடிக்காலை வெட்டிவிட்டு அனுப்புவதாக அவள் சொன்னாள். அது அவள் பக்கத்துத் தப்பு. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. கிளம்பும்போது மாஸ்டர் ஒரு பொட்டலம் நீட்டினார். வாழையிலையில் சுற்றி, காகிதத்தில் மடித்திருந்தது. இன்னும் சூடாக இருந்தது.

“வூட்டுக்காரருக்குக் குடு” என்றார். “கோழி மாஸ்டர் குடுத்தாருன்னு சொல்லு.”

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. எதிரே மலைக்குப் போகும் காவடிக் கூட்டம் வண்டி வண்டியாக வந்துகொண்டிருந்தது. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கனகம்மாசத்திரம் வரைக்கும் அவள் தூங்கினாள்.

பூபாலன் கொட்டகைக்கு வெளியே தெளிப்பானைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பொட்டலத்தைப் பிரித்து வரப்பில் வைத்தாள்.

“காலைல கேட்டீங்களே, யாரு தண்ணின்னு.”

“ஆங்.”

“அதோட தண்ணிதான். உள்ளயே இருந்தது. வெளிய போக வழி வுடல அவங்க.” பிறகு, சற்றுத் தள்ளி நின்று, “நான் உங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றாள்.

அவன் தெளிப்பானை வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தான். ஒரு துண்டு எடுத்தான், மென்றான். இன்னொன்று எடுத்தான். முந்தின நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவன். இலையில் பாதி காலியான பிறகுதான் வாய் திறந்தான்.

“உப்பு கம்மி” என்றான்.

“கடைசியில போட்டது” என்றாள் அம்சா. வரப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சத்தில் கை வைத்தாள்.